மாமாவுக்கு எழுதிய பதில்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



திருத்தூதர் பணிகள் நூலின் மூன்றாம் அதிகாரத்தில் ஒரு காட்சி வருகிறது. பேதுருவும் யோவானும் இறைவேண்டல் நேரத்தில் எருசலேம் கோவிலுக்குப் போகிறார்கள். அழகு வாயில் என்ற வாசலருகே, பிறவியிலேயே கால் ஊனமான ஒருவர் உட்கார்ந்து பிச்சை கேட்கிறார். அவர் கேட்டது பணம். பேதுருவிடம் பணம் இல்லை. இந்த இடத்தைப் பற்றிப் பேசும்போது அந்த மனிதர் எழுந்து நடந்ததைத்தான் நாம் வழக்கமாகச் சொல்வோம். இன்று அதற்கு முந்தைய நொடியில் கொஞ்சம் நிற்போம். கேட்டவரிடம் பேதுரு எப்படி "இல்லை" என்றார்?

முதலில் அவரை உற்றுப் பார்த்தார். "எங்களைப் பார்" என்ற பொருளில் அவரையும் தம் பக்கம் பார்க்க வைத்தார். பிறகு தம்மிடம் வெள்ளியும் இல்லை, பொன்னும் இல்லை என்று நேராகச் சொன்னார். அதற்குப் பிறகுதான், தம்மிடம் இருப்பதைத் தருவதாகச் சொன்னார். இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முகம் பார்த்தது முதலில், இல்லை என்றது இரண்டாவது, கொடுத்தது மூன்றாவது.

இந்தக் காட்சி நம் நினைவுக்கு வந்தது ஒரு கைப்பேசிச் செய்தியைப் படித்தபோது. கலவையிலிருந்து தினமும் கம்பெனி வேனில் இராணிப்பேட்டைப் பக்கம் போய், காலணித் தொழிற்சாலையில் தையல் பிரிவில் வேலை செய்யும் ஒரு சகோதரி. ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, வேனை விட்டு இறங்கியவர் வீட்டுக்குப் போகாமல் நேராகக் கோவிலுக்கு வந்தார். கைப்பேசியை நீட்டி, "இத அனுப்பலாமா பாருங்க, மனசு ஒப்பல" என்றார். அவர் அனுமதியோடுதான் இதைப் பேசுகிறோம். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறோம்.

நடந்தது இது. அவருடைய தாய்மாமன், அம்மாவின் தம்பி, முந்தின நாள் இரவு செய்தி அனுப்பியிருக்கிறார். மகளுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது, வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்ட வேண்டும், ஐம்பதாயிரம் கைமாற்றாகக் கொடு, தைக்குள் தந்துவிடுகிறேன் என்று கேட்டிருக்கிறார். அந்த மாமா சும்மா வந்த உறவு இல்லை. இந்தச் சகோதரியின் அப்பா இறந்த வருடம், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்குப் பணம் கட்டி, பஸ் பாஸ் எடுத்துக் கொடுத்தவர் அவர்தான். தோல் ஷாப்பில் டிரம் ஓட்டி வந்த கூலியில் அதைச் செய்தார்.

சகோதரியிடம் பணம் இல்லாமலும் இல்லை. தீபாவளி போனஸும், அதுவரை சேர்த்ததுமாக 56,000 ரூபாய் இருந்தது. ஆனால் மூன்று சவரன் நகை வங்கியில் அடகில் இருக்கிறது. கணவருடைய அறுவைச் சிகிச்சைக்கு வைத்தது. அசல் 45,000, ஒரு வருட வட்டி நூற்றுக்கு ஒன்பது வீதம் 4,050, ஆக 49,050. மாதக் கடைசி கெடு. கெடு தாண்டினால் ஏல நோட்டீஸ் வரும். மூன்று சவரன் என்பது இருபத்துநான்கு கிராம். இன்றைய தங்க விலையில் அது அந்தக் கடனைவிட எத்தனை மடங்கு பெறும் என்று உங்களுக்கே தெரியும். அந்த நகையை விட்டால் அவர் ஆயுசுக்கும் திரும்ப வாங்க முடியாது. மீட்டது போக மிஞ்சுவது 6,950 ரூபாய். இதுதான் அவர் கையிலிருந்த உண்மையான பணம்.

அவர் எழுதி வைத்திருந்த பதில் இது:

"மாமா எங்கிட்ட பணம் இல்ல. எல்லாரும் எங்கிட்டயே கேட்டா நான் எங்க போவேன். இனிமே கேக்காதீங்க."

எட்டு மணி நேரம் குனிந்து தைத்துவிட்டு, வேனில் நின்றுகொண்டே வந்தவர் எழுதியது. அதற்காக நாம் அவரைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் இந்த மூன்று வரிகளிலும் ஒவ்வொரு கோளாறு இருக்கிறது.

முதல் வரி பொய். பணம் இருக்கிறது, அதற்கு வேறு வேலை இருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல. கலவை போன்ற ஊரில் இந்தப் பொய் எத்தனை நாள் நிற்கும்? போனஸ் எந்தத் தேதியில் போட்டார்கள் என்பது வேனில் வருகிற எல்லோருக்கும் தெரியும். அடுத்த மாதம் அந்த நகை கழுத்தில் ஏறும்போது மாமா பார்ப்பார். பணம் தராததை அவர் மறந்தாலும், பொய் சொன்னதை மறக்க மாட்டார்.

இரண்டாவது வரியில் "எல்லாரும்" என்று ஒரு சொல் வருகிறது. மாமா ஒருவர்தான் கேட்டார். போன வருடம் கேட்ட நாத்தனார் மீதும், சீட்டுப் பணத்துக்கு நச்சரித்த பக்கத்து வீட்டுக்காரம்மா மீதும் இருந்த எரிச்சலையெல்லாம் சேர்த்து மாமா தலையில் கொட்டிவிட்டார். மூன்றாவது வரி இன்னும் மோசம். அது இன்றைய கேள்விக்குப் பதில் இல்லை, இனி வரப்போகிற எல்லாக் கேள்விகளுக்கும் கதவைச் சாத்துகிறது. நாளைக்கு அந்தப் பெண்ணுக்கு உடம்பு சரியில்லாமல் போனால்கூட மாமா இவர் வாசலை மிதிக்க மாட்டார்.

சரி, மாற்றி எழுதுங்கள் என்றோம். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து எழுதினார். இரண்டாவது பதில் இப்படி வந்தது:

"மாமா நீங்க கேட்டு நான் இல்லன்னு சொல்வேனா. உங்களுக்குச் செய்யாம யாருக்குச் செய்யப் போறேன். இப்ப கொஞ்சம் கஷ்டமா இருக்கு. இவர்கிட்ட கேட்டுப் பாக்கறேன். அடுத்த மாசம் எப்படியாவது பாக்கலாம் மாமா. தப்பா நெனக்காதீங்க, மன்னிச்சிருங்க."

படிக்க இதமாக இருக்கிறது. நம் வீடுகளில் பெரும்பாலான "இல்லை"கள் இந்த உருவத்தில்தான் வெளியே போகின்றன. முதல் பதிலைவிட இது ஆபத்தானது என்பது நம் எண்ணம். மாமாவின் இடத்தில் இருந்து இதைப் படித்துப் பாருங்கள். அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: வெள்ளிக்கிழமைக்குள் இந்தப் பணம் வருமா, வராதா? இந்தப் பதிலில் அதற்கு விடை இல்லை. "அடுத்த மாசம் எப்படியாவது" என்றால் வரும் என்று பொருள். "இவர்கிட்ட கேட்டுப் பாக்கறேன்" என்றால், மாப்பிள்ளை சரி என்றால் நாளைக்கே வரும் என்று பொருள். அந்த நம்பிக்கையில் அவர் வேறு யாரிடமும் கேட்காமல் புதன் போகும், வியாழன் போகும். வெள்ளிக்கிழமை காலையில் வேறு வழியில்லாமல் வாரவட்டிக்காரரிடம் போய் நிற்பார்.

இந்த மனநிலையைச் சீராக்கின் ஞான நூல் நன்றாக அறிந்திருக்கிறது. நம் கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் இருக்கும் நூல் அது. கிறிஸ்து பிறப்பதற்கு ஏறக்குறைய நூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன் எருசலேமில் வாழ்ந்த ஓர் ஆசிரியர் எழுதியது. அவருடைய பேரன் எகிப்தில் அதைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்தார். அதன் இருபதாம் அதிகாரத்தில், வெட்கத்தின் காரணமாக நண்பனுக்கு வாக்குக் கொடுத்து, ஒரு காரணமும் இல்லாமல் அவனைப் பகைவனாக்கிக்கொள்பவரைப் பற்றி ஒரு சிறிய வரி வருகிறது. வெட்கம்தான் அங்கே காரணம், கருமித்தனம் அல்ல. முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லக் கூசுகிறோம், அதனால் தலையாட்டி வைக்கிறோம்.

இந்தப் பதிலில் கணவரை இழுத்ததும் சரியில்லை. அவர் அப்போது ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டு ஆற்காட்டுச் சாலையில் இருந்தார். அவருக்கு இந்த விஷயமே தெரியாது. "இவர் வேண்டாம்னுட்டார்" என்று அடுத்த வாரம் சொல்லத்தான் இது இப்போதே போடுகிற அடித்தளம். நம் குடும்பங்களில் எத்தனை மருமகன்கள், எத்தனை மருமகள்கள், தாங்கள் சொல்லாத "இல்லை"க்காக வருடக்கணக்கில் கெட்ட பெயர் சுமக்கிறார்கள்! வீட்டில் இருவரும் பேசி முடிவெடுங்கள். முடிவைச் சொல்லும்போது யாருடைய உறவோ அவரே, தன் வாயால், "என்னால் முடியாது" என்று சொல்லட்டும். இந்தச் சகோதரியும் அன்று இரவு கணவரிடம் பேசிவிட்டு, மறுநாள் காலை வேனுக்குப் போகும் முன்தான் பதிலை அனுப்பினார்.

மூன்றாவது பதிலுக்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டோம்: "உண்மையாகவே உங்களால் என்ன முடியும்?" நெடுநேரம் யோசித்தார். கடன் கொடுக்க முடியாது. ஆனால் மிஞ்சுகிற 6,950 ரூபாயில் ஐந்தாயிரத்தை அந்தப் பெண்ணின் படிப்புக்கு என்று கொடுக்கலாம் என்றார். திரும்பி வருமா என்று கேட்டோம். "வராதுன்னு வெச்சுத்தான் குடுக்கணும்" என்றார். லூக்கா நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில், திரும்ப எதிர்பாராமல் கொடுங்கள் என்று ஆண்டவர் சொல்வதை அவர் தன் சொந்தக் கணக்கில் கண்டுபிடித்துவிட்டார். இழக்க முடிந்த தொகை ஐந்தாயிரம். இழந்தால் வீடே சாயும் தொகை ஐம்பதாயிரம்.

பிறகு இந்தப் பதில் உருவானது:

"மாமா, நீங்க அனுப்பினதப் படிச்சேன். பாப்பாவுக்கு நர்சிங் சீட் கெடச்சது ரொம்ப சந்தோஷம்.

நீங்க கேட்ட ஐம்பதாயிரத்த என்னால கடனா குடுக்க முடியாது மாமா. போனஸ் பணம் இருக்கு, ஆனா அது அடகு நகைய மீக்க வெச்சிருக்கறது, இந்த மாசக் கடைசி கெடு. அடுத்த மாசமும் என்னால முடியாது, அதனால எனக்காகக் காத்திருக்க வேணாம்.

பாப்பாவுக்கு என் பங்கா அஞ்சாயிரம் தர்றேன். அது கடன் இல்ல. படிப்புக் கடன் கேக்க இந்த சனிக்கிழமை நான் லீவு போட்டுட்டு உங்க கூட பேங்க்குக்கு வர்றேன்.

நான் பன்னெண்டாவது எழுத நீங்க கட்டின பணத்த மறக்கல மாமா. ராத்திரி எட்டு மணிக்கு போன் பண்றேன்."

இதில் பேதுருவின் வரிசை அப்படியே இருப்பதைக் கவனியுங்கள். முதல் பத்தி முகம் பார்க்கிறது. மாமா எதற்காகக் கேட்டார் என்பதைப் பேர் சொல்லி ஏற்றுக்கொள்கிறது. அவருக்கு அது மகிழ்ச்சியான செய்தி. பணம் கேட்கும் அவசரத்தில் அந்த மகிழ்ச்சியை யாருமே அவரோடு பகிர்ந்துகொண்டிருக்க மாட்டார்கள். இரண்டாவது பத்தியின் முதல் வாக்கியத்திலேயே இல்லை என்பது வந்துவிடுகிறது. எவ்வளவு என்பதும், கடன் என்பதும், முடியாது என்பதும் ஒரே வாக்கியத்தில். இதைத் தள்ளித் தள்ளிக் கடைசியில் வைத்தால், படிக்கிறவர் ஒவ்வொரு வரியிலும் ஆம் வரும் என்று நம்பி நம்பி ஏமாறுவார்.

காரணம் ஒன்றே ஒன்று. சகோதரி முதலில் நான்கு காரணம் எழுதினார்: நகை, பையன் டியூஷன், மாமியார் மருந்து, குழுக் கடன் தவணை. எல்லாமே உண்மைதான். ஆனால் காரணங்களை அடுக்கினால் வழக்கு நடத்துவதுபோல் ஆகிவிடும், எதிரே இருப்பவரும் ஒவ்வொன்றாக உடைக்கத் தொடங்குவார். "டியூஷன் அடுத்த மாசம் கட்டலாமே, மருந்து நான் வாங்கித் தர்றேன்." மிக உறுதியான ஒன்றை மட்டும் வைத்தோம். கெடுத் தேதியை யாரும் தள்ளிப்போட முடியாது.

"அடுத்த மாசமும் முடியாது, காத்திருக்க வேணாம்" என்ற வரியை எழுதத்தான் அவர் மிகவும் தயங்கினார். கடுமையாக இருக்கிறதே என்றார். இந்தப் பதில் முழுவதிலும் மாமாவுக்கு மிகவும் உதவியான வரி அதுதான் என்று நாம் சொன்னோம். அது அவருக்குப் புதன், வியாழன் இரண்டு நாளைத் திருப்பிக் கொடுக்கிறது. நீதிமொழிகள் மூன்றாம் அதிகாரத்தில், கையில் கொடுக்க இருக்கும்போது அயலானிடம் போய் நாளைக்கு வா என்று சொல்லாதே என்று ஒரு கட்டளை உண்டு. கொடுக்கப் போவதில்லை என்றால் நாளை வா என்பது இன்னும் பெரிய குற்றம் அல்லவா?

கடைசிப் பத்தியைப் பற்றி ஒரு வார்த்தை. மாமா செய்த உதவியைச் சகோதரி முதல் வரியில் வைத்திருந்தார்: "நீங்க செஞ்சத மறக்கல மாமா, ஆனா..." அந்த "ஆனா" வந்தவுடன் முன்னால் சொன்னதெல்லாம் அழிந்துபோகிறது. நன்றி, மறுப்புக்குப் பூசிய சர்க்கரையாகிவிடுகிறது. அதைக் கீழே கொண்டுபோனோம். இல்லை என்று சொல்லி முடித்தபின் வரும் நன்றிக்குப் பின்னால் எந்த "ஆனா"வும் இல்லை. அவர் கேட்காமலே வருகிறது. மன்னிப்புக் கேட்கும் வரியையும் எடுத்துவிட்டோம். தன் நகையை மீட்பது குற்றமில்லை. குற்றம் செய்யாதவர் மன்னிப்புக் கேட்டால், கேட்டவருக்கு அதில் ஏதோ குற்றம் இருக்கிறது என்ற எண்ணம் வரும்.

படிப்புக் கடன் பற்றிய வரிக்கு வருவோம். நான்கு இலட்சம் ரூபாய் வரையிலான கல்விக் கடனுக்கு வங்கிகள் சொத்துப் பிணை கேட்பதில்லை. வித்யா லட்சுமி என்ற அரசு இணையதளம் வழியாக விண்ணப்பிக்கலாம். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் கிடைக்கும். மாமாவுக்குப் பி.எஃப். இருந்தால் பிள்ளைகளின் மேல்படிப்புக்கு அதிலிருந்து முன்பணம் கேட்கலாம். இவ்வளவும் சகோதரிக்குத் தெரியும், எல்லாவற்றையும் எழுதவும் நினைத்தார். வேண்டாம் என்றோம். கேட்டவருக்குப் பணம் தராமல் ஐந்து யோசனை தந்தால், "இதெல்லாம் உனக்குத் தோணலியா" என்று குத்திக்காட்டுவதுபோல் ஆகிவிடும். தான் கூடவே வரத் தயாராக இருக்கும் ஒன்றை மட்டும் எழுதச் சொன்னோம். ஒரு நாள் லீவு என்றால் ஒரு நாள் சம்பளம். அவர் தந்தது வெறும் யோசனை இல்லை, அந்த ஒரு நாள் கூலி. (இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் வங்கி விடுமுறை. அது மூன்றாம் சனிக்கிழமையா என்று நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டோம். இல்லையென்றால் அன்பான வாக்குறுதி பூட்டிய கதவுக்கு முன்னால் போய் நின்றிருக்கும்.)

அனுப்பும் முன் ஒரு சோதனை செய்தோம். நீங்களும் செய்து பார்க்கலாம். விஷயம் தெரியாத ஒருவரிடம் செய்தியை உரக்கப் படித்துக் காட்டி, இரண்டு கேள்வி கேட்க வேண்டும். இவர் பணம் தரப் போகிறாரா? இவருக்கு மாமா மேல் மரியாதை இருக்கிறதா? கோவிலைப் பெருக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் மூன்று பதில்களையும் படித்தோம். முதலாவதற்கு, "தர மாட்டா, மரியாதையும் இல்ல" என்றார். இரண்டாவதற்கு, "குடுப்பான்னுதான் தோணுது" என்றார். மூன்றாவதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்று, "பாவம், அவகிட்ட என்ன இருக்கு" என்று மாமாவுக்காகவும் அவளுக்காகவும் சேர்த்து வருந்தினார்.

இங்கே உங்களில் சிலருக்கு ஒரு கேள்வி எழும். மத்தேயு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில், கடன் கேட்பவருக்கு முகம் திருப்பாதே என்று ஆண்டவர் இயேசு சொல்லியிருக்கிறாரே, மறுக்கலாமா? இந்தக் கேள்வியை எளிதாகத் தாண்டிப்போக நமக்கு விருப்பமில்லை. வசதி இருந்தும் கொடுக்காதவர்களை அந்த வார்த்தை சுடத்தான் செய்கிறது, சுடட்டும். வீடு நிறைய நகை வைத்துக்கொண்டு, உடன்பிறந்தவனுக்கு மறுப்பை எவ்வளவு அழகாக எழுதினாலும் அது கருமித்தனம்தான். அவர்களுக்கு இந்த மறையுரையில் இடமில்லை. ஆனால் முகம் திருப்புவது வேறு, இல்லை என்று சொல்வது வேறு. முதல் பதிலில் சகோதரி முகம் திருப்பினார். மூன்றாவதில் திருப்பவில்லை. சீராக்கின் ஞான நூல் இருபத்தொன்பதாம் அதிகாரம், அயலாருக்குத் தேவை வரும்போது கடன் கொடுக்கச் சொல்லித்தான் தொடங்குகிறது. கடன் வாங்கும்வரை கையை முத்தமிட்டு, திருப்பித் தரும் நாளில் சாக்குச் சொல்பவர்களையும் அது மறைக்காமல் சொல்கிறது. அதனால் பலர் மனம் கல்லாகி அல்ல, ஏமாந்துபோவோமோ என்று பயந்தே மறுக்கிறார்கள் என்றும் சொல்கிறது. அதே அதிகாரத்தின் இருபதாம் வசனம், உன்னால் முடிந்த அளவு அயலானைத் தாங்கு, ஆனால் நீயும் விழுந்துவிடாதபடி பார்த்துக்கொள் என்ற பொருளில் முடிகிறது.

விழுந்தவர்களை நம் பகுதி பார்த்திருக்கிறது. 2022-ஆம் ஆண்டில் ஆருத்ரா, ஐ.எஃப்.எஸ். என்ற நிறுவனங்கள் மீது பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் பதிந்தபோது, ஆரணி, செய்யாறு, காட்பாடிப் பக்கம் எத்தனை வீடுகள் கலங்கின! தன் பணத்தைப் போட்டவர்கள் மட்டுமல்ல, அத்தை மகன் கேட்டான், சித்தப்பா கேட்டார் என்று நகையை அடகு வைத்துக் கைமாற்றுக் கொடுத்தவர்களும் அதில் உண்டு. பணம் போனது ஒரு பக்கம். அண்ணன் தம்பி ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பூசை காண்பது பல ஊர்களில் நின்றே போனது. அன்றைக்கு ஒருவர் தெளிவாக ஒரு முறை இல்லை என்று சொல்லியிருந்தால் இன்று பேச்சு இருந்திருக்கும்.

செய்தியை எங்கே அனுப்புவது என்பதும் கவனிக்க வேண்டியது. குடும்பக் குழுவில் அல்ல, மாமாவுக்கு மட்டும். குழுவில் போட்டால் அது பதில் இல்லை, பஞ்சாயத்து. குரல் பதிவாக அனுப்பவும் வேண்டாம் என்றோம். களைப்பில் குரல் தடித்துவிடும், மாமாவும் பக்கத்தில் ஆள் இருக்கும்போது சத்தமாகப் போட்டுக் கேட்டுவிடுவார். எழுத்து முதலில், போன் அன்று இரவே. எழுத்து மட்டும் போனால் அது ஒளிந்துகொள்வதுபோல் இருக்கும். போன் மட்டும் போட்டால், மாமாவின் குரல் கேட்டதும் இவர் "பாக்கலாம் மாமா" என்று சொல்லிவிடுவார், அது அவருக்கே தெரியும்.

அப்படியே ஆனது. இரவு எட்டு மணிக்குப் போன் செய்தபோது மாமா, "சரி, ஒரு இருபதாவது பாரேன்" என்றார். தொகை குறைந்துகொண்டே வரும் என்று முன்பே பேசி வைத்திருந்தோம். அப்போது புதிய காரணம் தேடக்கூடாது, எழுதியதையே திரும்பச் சொல்ல வேண்டும். "அஞ்சாயிரம்தான் மாமா முடியும், அதுக்கு மேல இல்ல" என்றார் சகோதரி. பிறகு மாமா, ஒரு பைனான்ஸில் கேட்கப்போகிறேன், நீ ஜாமீன் கையெழுத்துப் போடு என்றார். பணம் கேட்பதைவிட இது சின்னதாகத் தோன்றும். கையெழுத்துக்குச் செலவு இல்லையே! ஆனால் அவர் கட்டத் தவறினால் முழுக் கடனும் இவர் தலைக்கு வரும். நீதிமொழிகள் ஆறாம் அதிகாரம், அப்படிச் சிக்கியவன் வேடன் கையில் மான்போலத் தப்பி ஓடட்டும் என்ற அளவுக்குப் பேசுகிறது. இதற்கும் இல்லை என்றார். குரல் நடுங்கியது என்று நம்மிடம் ஒத்துக்கொண்டார்.

மாமா அதற்குமேல் பேசாமல் போனை வைத்துவிட்டார். வியாழக்கிழமை முழுக்க ஒன்றும் இல்லை. அம்மா வேறு போன் செய்து, "என் தம்பிகிட்ட என்னடி சொன்ன" என்று சண்டை பிடித்தார். சகோதரி அதே செய்தியை அம்மாவுக்கு எழுத்து மாறாமல் படித்துக் காட்டினார். அம்மா கேட்டுவிட்டு, "இதத்தான் சொன்னியா?" என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டார். எழுதி வைத்ததன் பயன் இதுவும்தான். நடுவில் கை மாறும்போது வார்த்தை திரிவதில்லை.

வெள்ளிக்கிழமை மதியம், சாப்பாட்டு இடைவேளையில் சகோதரியின் கைப்பேசிக்கு மாமாவிடமிருந்து ஒரு வரி வந்தது. கல்லூரியில் பேசினாராம், பாதியை இப்போது கட்டிவிட்டு மீதியைக் கடன் ஒப்புதல் வந்தபின் கட்டலாம் என்றார்களாம். பாதிக்கு மனைவியின் தோட்டை அடகு வைத்திருக்கிறார். அதன் கீழே, "நாளைக்கு பேங்க்குக்கு எத்தன மணிக்கு வருவ?"

மறுநாள் இருவரும் ஆற்காட்டில் உள்ள வங்கிக்குப் போனார்கள். கல்லூரியின் கட்டண விவரத்தாள் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள், இன்னொரு சனிக்கிழமை போக வேண்டியிருந்தது. அத்தை மட்டும் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. போன ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது, மாமா தன் மகளைச் சகோதரியிடம் அழைத்து வந்து, "அக்காகிட்ட யூனிஃபார்ம் அளவு குடு, அவ நல்லா தைப்பா" என்றார்.